கூட்டத்தில் நான் வாய் திறப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

நொய்யல்

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை அவர்களுடன் இணையவழிக் கூட்டம் நடக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். மின்னஞ்சல் எழுதுவதில் எனக்குத் தடை இல்லை. ஒருவரோடு தனியாகப் பேசினாலும் தடுமாறாமல் பேசிவிடுகிறேன். ஏழெட்டுப் பேர் கூடும் கூட்டத்தில்தான் வாயடைத்துப் போகிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பில் போடும் பகுதியை வியாழக்கிழமை வெளியிடலாமா என்று பேச்சு வந்தது. அதில் ஒரு கோளாறு இருப்பதை அன்று மதியம்தான் கண்டுபிடித்திருந்தேன். தள்ளுபடியில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், கட்டிய தொகைக்குப் பதிலாக முழு விலையும் திரும்பிப் போகிறது. இதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதல் வாக்கியம் சரியாக அமைவதற்குள் எங்கள் குழுத் தலைவர் சரி என்று சொல்லிவிட்டார், பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டது. பிறகு மின்னஞ்சலில் எழுதினேன், வெளியீடும் தள்ளிப்போனது. ஆனால் கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இதைச் சரிசெய்ய என்ன பயிற்சி செய்யலாம்?

தாமிரபரணி

சகோதரி, அடிப்படை இலக்கணம் உறுதியாக இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படியுங்கள், புதிய சொற்களைக் குறித்து வையுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் பேச்சுப் பகுதிக்கு நான் இப்படித்தான் தயாரானேன். தேர்வாளர் எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இரண்டு நிமிடம் பேச முடிந்தது.

கம்பிவடம்

நான் வலையமைப்புத் துறையில் இருப்பவன். இது ஆங்கிலப் பிரச்சினையே இல்லை என்பது என் கருத்து, தாமதம்தான் காரணம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. அதைத் தாண்டினால் ஒருவர் பேச்சை ஒருவர் இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கம்பியில்லா ஒலிவாங்கி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கும். கம்பி வைத்த ஹெட்செட்டும், வைஃபைக்குப் பதிலாகக் கேபிள் இணைப்பும் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மலைக்கோட்டை

நொய்யல், அலுவலகங்களில் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். உங்களைப் போலச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாமிரபரணி சொல்வது தேர்வுக்குப் பொருந்தும். தேர்வில் இரண்டு நிமிடமும் உங்களுடையது, யாரும் அதைப் பறிக்க மாட்டார்கள். கூட்டத்தில் அப்படி யாரும் உங்களுக்கு நேரம் ஒதுக்குவதில்லை, நுழைகிறவருக்கே நேரம். உங்களுக்குச் சிக்கல் நுழைவதில்தான். இலக்கணத்தில் இல்லை.

கம்பிவடம் தம்பி சொன்ன தாமதம் உண்மை. ஆனால் தாமதமே இல்லாத ஒரே அறையில் உட்கார்ந்து பேசும்போதும் இது நடக்கிறது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்து அடுத்தவர் பதில் சொல்லத் தொடங்கும் வரை எவ்வளவு இடைவெளி என்று பத்து மொழிகளில் அளந்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. மொழிக்கு மொழி சிறு வேறுபாடு இருந்தாலும், சராசரி ஏறத்தாழ 200 மில்லிநொடி. அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், சொந்த மொழியிலேயே அந்த ஒற்றைச் சொல் வாய்க்கு வர ஏறத்தாழ 600 மில்லிநொடி ஆகிவிடும். அப்படியானால் எல்லோரும் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே தன் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்றுதான் பொருள். தாய்மொழியில் இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. இரண்டாம் மொழியில் கேட்பதே மனதை நிறைத்துவிடுகிறது, தயாரிப்புக்கு மிச்சம் இருப்பதில்லை. முழு வாக்கியமும் அமைந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் அந்த இடைவெளி உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

அதனால் நுழைவதையும் சொல்வதையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நுழைவதற்கு யோசிக்கவே தேவையில்லாத ஒரு சொற்றொடர் வேண்டும். மூன்று போதும்: ‘பிஃபோர் வி மூவ் ஆன்’, ‘ஜஸ்ட் ஆன் தட் பாயிண்ட்’, ‘கேன் வி கோ பேக் டு தர்ஸ்டே’. கடைசியில் இருப்பது உங்களுக்கு மிகவும் உதவும். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாலும் கதவு சாத்தப்படவில்லை. ஒரு நிமிடம் கழித்து ‘கேன் வி கோ பேக்’ என்று சொல்வதை ஆங்கிலக் கூட்டங்களில் யாரும் தவறாக நினைப்பதில்லை. இந்தச் சொற்களை வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொள்ளும்.

எப்போது நுழைவது? முழு அமைதி வரும் என்று காத்திருக்காதீர்கள். பேசுகிறவரின் குரல் தாழும், கடைசிச் சொல் சற்று நீளும். அதுதான் தருணம். ஒலிவாங்கியை அதற்கு முன்பே திறந்து வையுங்கள். பொத்தானைத் தேடி அழுத்துவதற்குள் அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடி போய்விடும். முதல் இரண்டு சொற்களை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். கூட்டத்தை நடத்துபவரின் பெயரை முன்னால் சேர்த்துச் சொன்னால் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

அன்று நீங்கள் சொல்ல நினைத்ததை, மனதில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் எழுதுங்கள். பார்க்கலாம்.

நொய்யல்

நன்றி அக்கா. நான் அடுக்கியது ஏறத்தாழ இப்படி: ‘டுடே வி காட் த நியூ பில்ட், ஸோ ஐ வாஸ் டெஸ்டிங் த ரிட்டர்ன்ஸ், அண்ட் இன் தட், வென் த கஸ்டமர் ஹாஸ் யூஸ்ட் எ டிஸ்கவுண்ட், த சிஸ்டம் இஸ் டேக்கிங் த ஃபுல் பிரைஸ், ஸோ பிகாஸ் ஆஃப் தட் வி மே நாட் பி ஏபிள் டு ரிலீஸ் ஆன் தர்ஸ்டே.’

மலைக்கோட்டை

இதில் திருத்த வேண்டிய இலக்கணப் பிழை என்று எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் காது கொடுக்க வேண்டிய செய்தி கடைசியில் இருக்கிறது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் முடிவுக்கு வருவோம். கேட்கிறவரும் அதற்குப் பழகியவர், பொறுத்திருப்பார். லீட்ஸில் இருப்பவருக்கோ ‘டுடே வி காட் த நியூ பில்ட்’ என்று காதில் விழுந்ததும், இது வழக்கமான வேலை அறிக்கை என்று தோன்றிவிடும். பாதியிலேயே ‘தேங்க்யூ’ சொல்லிவிடுவார். பலரும் இதை அவமதிப்பு என்று நினைத்து வருந்துகிறார்கள். அவர் நீங்கள் சொல்லி முடித்துவிட்டதாகத்தான் நினைக்கிறார்.

தலைகீழாக்கிப் பாருங்கள்: ‘பிஃபோர் வி மூவ் ஆன், ஐ திங்க் தர்ஸ்டே இஸ் அட் ரிஸ்க். ரீஃபண்ட்ஸ் ஆர் ராங் வென் தேர் இஸ் எ டிஸ்கவுண்ட். எ கஸ்டமர் பேஸ் ஃபார்ட்டி பவுண்ட்ஸ் அண்ட் கெட்ஸ் பேக் ஃபிஃப்டி. கேன் வி டேக் டூ மினிட்ஸ் ஆன் தட்?’

வியாழக்கிழமைக்கு ஆபத்து என்று முதலில் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் மெதுவாகப் பேசினாலும், நடுவில் தடுமாறினாலும் காத்திருப்பார்கள். 40 கட்டி 50 வாங்குகிறார் என்ற எண்ணிக்கை ஒரு நீண்ட விளக்கத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. கடைசியில் ஒரு கேள்வி இருப்பதால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கார்க் செவிலி

அயர்லாந்தில் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். மேலே சொன்னதைப் படித்ததும் எங்கள் வார்டு நினைவுக்கு வந்தது. இரவில் நோயாளிக்கு உடல்நிலை மோசமானால் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல ஒரு வரிசை உண்டு, அதை ஐ-எஸ்பார் என்போம். நான் யார், இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. வந்த புதிதில் எனக்கு இது உயிர்காக்கும் துணையாக இருந்தது. பேச்சை எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. ‘பேஷண்ட் இன் பெட் சிக்ஸ், பிளட் பிரஷர் எய்ட்டி ஓவர் ஃபிஃப்டி’ என்று நேரே நிலைமையில் இறங்கிவிடலாம். அவர் எப்போது சேர்ந்தார், என்ன அறுவைச் சிகிச்சை என்பதெல்லாம் பிறகு.

ஒன்று மட்டும் மாறுபடுகிறேன். அக்கா சொன்ன ‘ஐ திங்க்’ எங்கள் இடத்தில் பலவீனமாகக் கேட்கும். ‘ஐ ஆம் கன்சர்ன்ட்’ என்று சொல்லத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வேலூர்க் கோட்டை

நானும் ஒரு குழுவுக்குத் தலைவன். எல்லாச் சுமையையும் நொய்யலின் தலையில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோளாறு மதியமே தெரிந்திருக்கிறது. கூட்டம் மாலையில். தலைவருக்கு இரண்டு வரி அனுப்பி, நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். சரி என்று சொல்வதற்கு முன்னால் சோதனைப் பிரிவைக் கேட்க வேண்டியது தலைவரின் கடமை. என் கூட்டங்களில் முடிவு எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பேன். கையை உயர்த்தும் பொத்தான் இருக்கிறது, எழுதும் பெட்டி இருக்கிறது. 200 மில்லிநொடியோடு யாரும் போட்டி போட வேண்டியதில்லை.

மலைக்கோட்டை

முன்கூட்டியே தெரிந்த செய்திக்கு நீங்கள் சொல்வதுதான் சிறந்த வழி. நொய்யல், அதைச் செய்யுங்கள். ஆனால் பேச்சின் நடுவில் பிறக்கும் சந்தேகத்தை எந்த நிகழ்ச்சிநிரலில் போடுவது? கையை உயர்த்தும் பொத்தான், நடத்துபவர் திரையைப் பார்த்தால்தான் பலிக்கும். எழுதும் பெட்டியில் போட்டதைக் கூட்டம் முடிந்த பிறகு படிப்பவர்களும் உண்டு. உங்களைப் போன்ற தலைவர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வேலூர்க் கோட்டை

வாய்க்காவிட்டால் தலைவர்களைப் பழக்க வேண்டும். பேச முடியாதவரை மட்டுமே பழக்கிக்கொண்டிருந்தால் கூட்டம் எப்போதும் உரக்கப் பேசுபவரின் கையில்தான் இருக்கும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நொய்யல்

ஐயா, தலைவரிடமும் பேசுகிறேன். அக்கா, வீட்டில் தனியாக எப்படிப் பயிற்சி செய்வது? சொல்ல வேண்டியதை முழுவதும் எழுதி வைத்துப் படிக்கலாமா?

மலைக்கோட்டை

முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி ஒரு சிறு தாளில் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். முழுவதையும் எழுதிப் படித்தால் குரல் தட்டையாகிவிடும், கேட்பவர்களுக்கு அது உடனே தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை, நடுவில் யாராவது கேள்வி கேட்டுவிட்டால் விட்ட வரியைக் கண்டுபிடித்துத் தொடர முடியாது.

பயிற்சிக்கு நான் கொடுப்பது நான்கு-மூன்று-இரண்டு முறை. நியூசிலாந்தின் மொழிக்கல்வி அறிஞர் பால் நேஷன் பரவலாக்கியது. ஒரே செய்தியை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், இன்னொருவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். உங்கள் வேலை அறிக்கைக்கு நான்கு நிமிடம் அதிகம், இரண்டு நிமிடம், ஒன்றரை நிமிடம், ஒரு நிமிடம் என்று சுருக்கிக்கொள்ளலாம். செய்தியை மட்டும் மாற்றக்கூடாது. என்ன சொல்வது என்ற தேடல் முதல் முறையோடு முடிந்துவிடுவதால், அடுத்தடுத்த முறைகளில் மனம் முழுவதும் எப்படிச் சொல்வது என்பதில் நிற்கும். மூன்றாவது பதிவில் ‘அ… அ…’ என்ற இழுப்பு குறைந்திருப்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தவறாகச் சொன்ன ஒன்று மூன்று முறை சொல்லப்பட்டு அப்படியே படிந்துவிடலாம். முதல் பதிவுக்குப் பிறகு அதைக் கேட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்திக்கொண்டு இரண்டாவதற்குப் போங்கள். எல்லாவற்றையும் திருத்தப் போனால் வேகம் செத்துவிடும்.

அப்படித் திருத்துவதற்கு நான் முதலில் எடுப்பது சொல்லின் அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல் மாறாது, அதனால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. ஆங்கிலக் காது அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லைத் தேடுகிறது. ‘டெவலப்மெண்ட்’ என்பதில் ‘வெ’ உயர வேண்டும், ‘அனாலிசிஸ்’ என்பதில் ‘னா’. நாம் இரண்டிலும் முதல் எழுத்தை அழுத்துகிறோம். எண்களில் இது பணத்தையே மாற்றிவிடும். ஃபிஃப்டீன் என்பதில் பின்பாதி அழுந்தி நீள வேண்டும், ஃபிஃப்டி என்பதில் முன்பாதி. சந்தேகமாக இருந்தால் ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கமாகச் சொல்லிவிடுங்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களும் தொலைபேசியில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டும் என்ற பயிற்சி தேவையே இல்லை.

கம்பிவடம்

அக்கா, எதிர்மறைக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘யூ ஹாவன்ட் டெஸ்டட் இட் ஆன் த மொபைல்?’ என்று கேட்டால், ‘ஆமாம், செய்யவில்லை’ என்ற நினைப்பில் நம்மவர்கள் வெறும் ‘யெஸ்’ சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் சோதித்தாகிவிட்டது என்று குறித்துக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கிறது. நான் இருக்கும் அழைப்புகளில் இதை அடிக்கடி கேட்கிறேன். ‘நோ, நாட் யெட்’ என்று முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

நொய்யல்

சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதுகிறேன். நுழைவது இப்போது முடிகிறது. ‘பிஃபோர் வி மூவ் ஆன்’ சொன்னதும் எல்லோரும் நிறுத்துகிறார்கள். தலைவரிடமும் பேசினேன், முடிவுக்கு முன் என்னைக் கேட்கிறார். கம்பி ஹெட்செட் வாங்கியதில் குரல் தெளிவாக இருக்கிறது, நன்றி கம்பிவடம். இப்போது வேறு தொல்லை. நான் சொன்னதும் அவர்கள் கேள்வி கேட்கிறார்கள், லீட்ஸ்காரர்களின் உச்சரிப்பில் பாதி புரிவதில்லை. இரண்டு முறை ‘சாரி?’ என்று கேட்டுவிட்டால் மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மலைக்கோட்டை

கூச்சம் வேண்டாம். பன்னிரண்டு மொழிகளில் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. சொந்த மொழியிலேயே சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒருவர் மற்றவரிடம் ‘என்ன சொன்னீர்கள்’ என்ற வகையில் கேட்டுச் சரிபார்க்கிறார்.

கேட்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். ‘சாரி?’ என்றால் எந்த இடம் விழவில்லை என்பது அவருக்குத் தெரியாது. முழுவதையும் அதே வேகத்தில் திரும்பச் சொல்வார், நீங்களும் அதே இடத்தில் விழுவீர்கள். விழுந்த பகுதியைப் பிடித்துக்கொண்டு விழாததைக் கேளுங்கள்: ‘யூ செட் தர்ஸ்டே. ஃபார் டெஸ்டிங் ஆர் ஃபார் ரிலீஸ்?’ அவர் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரியும்.

லீட்ஸ் பேச்சுக்கு ஒரு குறிப்பு. இங்கிலாந்தின் வடபகுதியில் பலர் ‘கப்’ என்பதைக் ‘குப்’ போலவும் ‘பஸ்’ என்பதைப் ‘புஸ்’ போலவும் சொல்வார்கள். அதனால் நீங்கள் தினமும் பேசும் ‘பக்’ அவர்கள் வாயில் ‘புக்’ போல வரும். சில சமயம் ‘த’ என்ற சிறு சொல் காதில் விழவே விழாது. இந்த இரண்டும் தெரிந்தாலே பல வாக்கியங்கள் பிடிபடும். நிறுவனம் அனுமதித்தால் கூட்டத்தின் பதிவிலிருந்து ஒரு நிமிடத்தை எடுத்து, அவர் சொல்வதை ஒரு வாக்கியம் பின்தங்காமல் கூடவே சொல்லிப் பாருங்கள். அனுமதி கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

கார்க் செவிலி

எங்கள் ஊர்ப் பேச்சு இன்னும் வேகம். ‘ஸ்லோலி, ப்ளீஸ்’ என்று கேட்டால் இரண்டு வாக்கியத்துக்கு மெதுவாகப் பேசிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கேட்டதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பதுதான் எனக்கு நிலைத்து உதவியது. மருந்தின் அளவைச் சொன்னால் நாங்கள் திரும்பச் சொல்லியே ஆக வேண்டும். கூட்டங்களிலும் அதைச் செய்யலாம்.

தாமிரபரணி

நான் கேள்வியைத் தேர்வோடு இணைத்துப் படித்துவிட்டேன் என்று புரிகிறது, ஆனால் இந்த இழை எனக்கும் பயன்படுகிறது. அடுத்த மாதம் ஒரு நிறுவனத்தில் குழு விவாதச் சுற்று இருக்கிறது. அங்கும் ‘பிஃபோர் வி மூவ் ஆன்’ போதுமா?

மலைக்கோட்டை

அங்கே அது அவ்வளவாக எடுபடாது தம்பி. குழு விவாதத்தில் நடத்துபவர் என்று ஒருவர் இல்லை, எல்லோரும் நுழையத்தான் காத்திருக்கிறார்கள். கடைசியாகப் பேசியவரின் ஒரு சொல்லைப் பிடித்து நுழைய வேண்டும்: ‘யூ மென்ஷன்ட் காஸ்ட்’ என்று அவர் பக்கம் பார்த்துச் சொன்னால் அவர் நிறுத்துவார், மற்றவர்களும் நிறுத்துவார்கள். எத்தனை முறை நுழைந்தால் மதிப்பெண் என்று பயிற்சி மையங்களில் சொல்லும் கணக்கை நான் நம்புவதில்லை. மதிப்பிடுபவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அங்கே ஏற்கெனவே அந்தச் சுற்றை முடித்தவர் யாராவது கிடைத்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.